மோஷன் பிளர், ஷட்டர் ஆங்கிள்: வியாழனுக்குள் சொல் வேண்டும்

கோடுகாரன்:
வணக்கம். அசைபட வகுப்புக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வியாழன் அச்சுக்குப் போகிறது. பாடத்தில் ஒரு பெண் சிலம்பம் சுற்றுகிறாள். கம்பு நொடிக்கு 4 சுற்று, படம் நொடிக்கு 24 சட்டகம், ஆக ஒரு சட்டகத்துக்கு 60 பாகை நகர்கிறது. பிளர் இல்லாமல் ரெண்டர் செய்தால், அரைச் சுற்றில் கம்பு பழைய கோட்டிலேயே வந்து விழுவதால் மூன்று கம்புகள் மாறி மாறி மினுக்குவது போலிருக்கிறது. `Shutter` மதிப்பை 0.5 ஆக்கினேன். ஒவ்வொரு முனையும் 30 பாகைக்கு விசிறியாக விரிந்தது, அடுத்த 30 பாகை வெற்றிடம். இப்போது கம்பு சுற்றுகிறது! மோஷன் பிளருக்கு 'இயக்க மங்கல்', ஷட்டர் ஆங்கிளுக்கு 'மூடிக்கோணம்' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். போதுமா?

புலவர்வீடு:
மங்கல் என்பது ஒளி குறைவது. விளக்கு மங்கும், கம்பு எப்படி மங்கும்? நம்மிடம் 'கொள்ளிவட்டம்' என்ற சொல்லே இருக்கிறதே. இருட்டில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் தெரியும் நெருப்பு வளையம். சுழற்றுவதற்கு 'வட்டித்தல்' என்றொரு பழைய வினையும் உண்டு. வட்டம், வட்டில், வட்டி எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து. 'வட்டிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

தறிக்காரி:
ஐயா, வட்டிப்பு என்றால் என் மாணவர்கள் கடன் பாடம் என்று நினைப்பார்கள். அப்புறம், நேராக ஓடும் பேருந்துக்கு என்ன சொல்வது?

பழைய லேப்காரர்:
இன்னொன்றும் இருக்கிறது. கொள்ளிவட்டம் நம் கண்ணில் தங்குவது. இது ஒரு சட்டகத்துக்குள்ளேயே பதிவது, படத்தை நிறுத்திப் பார்த்தாலும் இருக்கும். அதனால் 'தீற்றல்' என்பேன். சுவரில் சுண்ணாம்பு தீற்றுகிறோமே, அது போல.

மூடிக்கோணத்தையும் மாற்றுங்கள். பிலிம் கேமராவில் லென்சுக்குப் பின்னால் ஒரு வட்டத்தகடு சுற்றும், அதில் ஒரு பகுதி வெட்டி எடுத்திருக்கும். அந்த வெட்டின் அளவுதான் இந்தக் கோணம். பாதித் தகடு வெட்டியிருந்தால் 180 பாகை. தகடு ஒரு சுற்று சுற்றினால் ஒரு சட்டகம், அதில் பாதி நேரம் ஒளி விழும். நாம் அளப்பது மூடியை அல்ல, திறந்த பகுதியை. ஆகவே 'திறப்புக் கோணம்'. பிளெண்டர் கேட்பது இதையே 360-ஆல் வகுத்த எண், அதனால்தான் 0.5.

கல்யாண கேமரா:
எதற்கு இத்தனை சுற்று? ஷட்டர் ஸ்பீடு 1/48 நொடி என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். 'திறப்பு' என்று நாங்கள் ஏற்கெனவே அப்பர்ச்சரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பழைய லேப்காரர்:
24 சட்டகத்துக்கு 1/48 சரிதான் தம்பி. அதே காட்சியை 48 சட்டகத்தில் எடுத்தால் 180 பாகை என்பது 1/96 ஆகிவிடும், தீற்றலின் நீளமும் பாதியாகும். 1/48-ஐயே பிடித்து வைத்தால் திறப்பு 360, அடுத்தடுத்த சட்டகங்களின் தீற்றல் முனையோடு முனை தொட்டுக்கொள்ளும். எத்தனை பங்கு பதிவு, எத்தனை பங்கு இடைவெளி என்பதைக் கோணம்தான் காட்டுகிறது.

கல்யாண கேமரா:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நொடிக்கணக்கும் வேண்டும். மண்டப விளக்கு மினுக்காமலிருக்க 1/100-இல் எடுத்த வீடியோ மேல் ஒரு 3டி பட்டாம்பூச்சி வைத்தேன். `Shutter` 0.5-இல் அது மட்டும் இழுபட்டு, ஒட்டவைத்தது போலத் தெரிந்தது. 24-ஐ 100-ஆல் வகுத்து 0.24 போட்டதும் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

தறிக்காரி:
இது பாடத்தில் வர வேண்டும்! 180 எல்லா இடத்துக்கும் விதி என்றே நான் சொல்லிக் கொடுத்துவந்தேன்.

புலவர்வீடு:
'தீற்றுதல்' என்றால் ஊட்டுதல் என்றும் பொருள் உண்டு, தின்னச் செய்வது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கோடுகாரன்:
ஐயா, 'வண்ணத் தீற்றல்' என்று இன்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஊட்டுவதாக யாரும் படிப்பதில்லை. 'அசைவுத் தீற்றல்', 'திறப்புக் கோணம்' என்று போடுகிறேன். முதல் முறை மட்டும் பக்கத்தில் ஷட்டர் ஆங்கிள் என்றும் எழுதிவிடுகிறேன். 1/100 கணக்கும் சேர்கிறது.

ஒரு சிக்கல் மிச்சம். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினில் திறப்பை 360 ஆக்கிப் பார்த்தேன். கம்பு முனையின் தீற்றல் வில்போல் வளையாமல், மூலை மூலையாக உடைந்திருக்கிறது.

பழைய லேப்காரர்:
கம்பு எலும்புகளோடு சேர்ந்து உருமாறும் மெஷ்தானே? ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு கணங்களுக்கு நடுவே நேர்கோட்டில்தான் நகர்த்துகிறது. அந்தப் பொருளின் `Motion Blur` பகுதியில் `Steps` எண்ணை 3 ஆக்குங்கள், துண்டுகள் சிறிதாகி வளைவு கிடைக்கும். நினைவகம் கூடுதலாகப் பிடிக்கும், அதனால் கம்புக்கு மட்டும் செய்யுங்கள்.

கோடுகாரன்:
வளைந்துவிட்டது, நன்றி. `Steps`-க்கு 'படி' என்று போடட்டுமா?

புலவர்வீடு:
படி என்றால் நாழி, நகல், படிப்பு. 'கணு' என்று வையுங்கள். கம்புக்கும் பொருந்தும். தீற்றலை நான் இன்னும் ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கல்யாண கேமரா:
திறப்பை நானும்.