கூடத்துச் சுவரில் 7 படம்: எந்த உயரத்தில் மாட்டுவது?

வலங்கைமான் மருமகள்: பழைய ஓட்டு வீடு. கூடத்தில் இரண்டு கதவுக்கு நடுவே 10 அடி சுவர். மாமனார் மாமியார் கல்யாணப் படம் 18க்கு 22 அங்குலம். 14க்கு 18 நிற்கும் படம் இரண்டு, 12 அகலம் 10 உயரத்தில் நான்கு. தரையிலிருந்து டேப் பிடித்துத்தான் மாட்டினேன், ஆனாலும் வரிசை முற்றத்துப் பக்கம் சரிந்து தெரிகிறது. எங்கே தப்பு?

பாபநாசம் ராஜா: ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியும் தரையிலிருந்து 58 அங்குலத்தில் இருக்க வேண்டும் அக்கா. நிற்கிற ஆளின் கண்மட்டம் ஏறக்குறைய அதுதான். இடைவெளி 2 அங்குலம்.

கும்பகோணம் பிரேம்கடை: 58 சரி தம்பி. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் இல்லை. நாலு சின்னப் படத்தையும் 58இல் மாட்டினால் ஒரே கோடாகிவிடும், ஒன்றன்கீழ் ஒன்று வைக்க முடியாது. ஏழையும் சேர்த்து ஒரே பெரிய படமாக நினைக்க வேண்டும், அதன் நடுதான் 58.

அக்கா, உங்கள் அளவுகள் நன்றாகப் பொருந்துகின்றன. கல்யாணப் படம் நடுவில். அதன் இரு பக்கமும் சின்னது இரண்டிரண்டாக அடுக்குங்கள். 10, நடுவில் 2, மறுபடி 10, மொத்தம் 22. கல்யாணப் படத்தின் உயரமும் அதேதான். கடைசியில் பக்கத்துக்கு ஒரு நிற்கும் படம். மொத்த அகலம் 78, சுவர் 120, ஆக இரு ஓரமும் 21 அங்குலம் வெறுமையாக நிற்கும். மேல்விளிம்பு 69, கீழ்விளிம்பு 47. கடைசிப் படங்கள் குட்டை என்பதால் அவற்றின் மேல்விளிம்பு மட்டும் 67.

சரிந்து தெரிவதற்குக் காரணம் தரை. பழைய கூடத்தைக் கழுவினால் தண்ணீர் முற்றத்துக்கு ஓடும்படி வாட்டம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தரையிலிருந்து அளந்தால் அந்த வாட்டம் அப்படியே சுவரில் ஏறிவிடும். நடுவில் ஒரே இடத்தில் அளந்து 69இல் குறி வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் பிடிக்கிற தண்ணீர் டியூபால் அந்தக் குறியை இரு பக்கமும் கொண்டுபோங்கள், அப்புறம் நூல் கட்டுங்கள்.

ஆணி மேல்விளிம்பில் வராது. படத்தின் பின்கம்பியை விரலால் மேலே இழுத்து, பிரேம் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பாருங்கள். 3 அங்குலம் என்றால் ஆணி 66இல். ஒவ்வொரு படத்துக்கும் இது மாறும். முதலில் தினத்தாளைப் பிரேம் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, ஆணி இடத்தைத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.

மன்னார்குடி பெரியவர்: எங்கள் வீடுகளில் படம் நிலைக்கு மேலேதான் இருக்கும், முன்பக்கம் சாய்த்து. முற்றத்து வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காமல் இருக்கவே அந்தச் சாய்வு. கண்மட்டத்தில் நேராக மாட்டினால் காலையில் படம் தெரியாது, முற்றம்தான் தெரியும். மாலை போடும் பெரியவர்கள் படத்தைப் பிள்ளைகள் படத்தோடு தோளுரச மாட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை.

கும்பகோணம் பிரேம்கடை: வெளிச்சம் பற்றி ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு பிரேமை 58இல் பிடித்துக் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் பார்த்துவிட்டே துளை போடுங்கள். ஆனால் 7 அடிக்கு மேல் போன சின்னப் படத்தில் முகம் தெரியாதே ஐயா. ஊஞ்சலில் உட்கார்ந்தால் கண் ஏறக்குறைய 46 அங்குலத்தில் இருக்கும், அங்கிருந்து 58 சுலபமாகத் தெரியும். மாலைக்கு மட்டும் 2 அங்குலம் போதாது. பூ தொங்கிப் பக்கத்துப் படத்தை மறைக்கும், ஈரமும் பிரேமில் இறங்கும்.

நாகை கண்ணன்: எங்கள் தாத்தா படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எந்தச் சுவரில் மாட்டினால் ஒட்டாது?

கும்பகோணம் பிரேம்கடை: படம் கண்ணாடியைத் தொட்டால் எந்தச் சுவரிலும் ஒட்டும், ஐப்பசி கார்த்திகை மழைக்குக் கேட்கவே வேண்டாம். ஓரம் சுற்றி அட்டை வைத்து இடைவெளி விடணும். பிரேமின் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும், படமும் ஆடாது. ஒட்டியதை உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே முதலில் நகல் எடுங்கள்.

பாபநாசம் ராஜா: அண்ணா, எங்கள் வீட்டு உத்தரமே சாய்வு. டியூப் மட்டத்தில் மாட்டியும் கோணலாகத்தான் தெரிகிறது.

கும்பகோணம் பிரேம்கடை: கண் உத்தரத்தோடு ஒப்பிடுவதால் வருவது தம்பி. கீழே இறக்கி மாட்டினால் குறையும். சிலர் பாதிச் சாய்வு கொடுக்கிறார்கள், எனக்கு அதில் மனசு ஒப்பாது.

வலங்கைமான் மருமகள்: இப்போதுதான் டியூப் பிடித்தோம். 10 அடியில் தரை முக்கால் அங்குலம் இறங்குகிறது. தாள் ஒட்டியாயிற்று. கல்யாணப் படத்துக்கு மாலை போடுவோம், அதனால் அதன் இரு பக்கமும் 4 அங்குலம் விட்டேன், மொத்தம் 82 வந்தது. சேர்த்து மாட்டலாமா தனியாகவா என்று மட்டும் மாமியார் வாயால் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

மன்னார்குடி பெரியவர்: அவர் இருக்கிறாரா அம்மா? அப்படியானால் அந்தப் படத்துக்கு மாலை போடக் கூடாதே.

வலங்கைமான் மருமகள்: இருக்கிறார் ஐயா. கல்யாண நாளன்று மட்டும் அவரே கட்டிப் போடுகிற மல்லிகைச் சரம் அது.