கல்லடிப் பாலத்தடி வீடியோவும் 45 நாளும்

கல்லடி
போன வருஷம் கல்லடிப் பாலத்தடியில் என் தம்பியை மோட்டார் சைக்கிளோடு பொலிஸார் மறித்தார்கள். வாய்த்தர்க்கம் வந்தது. கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. பின்னால் வந்த கூட்டாளி போனில் எடுத்தான், 2 நிமிஷம் 40 செக்கன். கடைசியில் "கடமைக்கு இடையூறு" என்று தம்பி மீதுதான் வழக்கு. வீடியோ இருக்குதே என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். கூட்டாளியோ அதை வட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பிவிட்டு, போனையே விற்றுவிட்டான். வீடியோவைக் கொடுக்கப் போன அன்று எதிர்த்தரப்பு கேட்ட முதல் கேள்வி: "எடுத்த போன் எங்கே?"

காத்தான்குடி
றோட்டில் எடுப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்ல ஏலாது நானா. பொது இடம்தானே.

மட்டக்களப்பு, சட்டத்தரணி எழுதுவினைஞர்
பாதி சரி. பொலிஸை வீடியோ எடுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் கிட்டப் போய் முகத்துக்கு நேரே போனை நீட்டி, தள்ளி நில் என்று சொல்லியும் தள்ளி நிற்காவிட்டால், கடமைக்கு இடையூறு என்று தண்டனைச் சட்டக்கோவை 183ஆம் பிரிவை எடுப்பார்கள். நாலைந்து யார் தூரம் தள்ளி நின்று, பேசாமல் எடுங்கள்.

கல்லடி அண்ணன், உங்களுக்கு இடித்தது 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம். சம்பவ நேரத்திலேயே பதிவானது, கருவி சரியாக வேலை செய்தது, பதிவில் கை வைக்கவில்லை, இந்த மூன்றையும் காட்ட வேண்டும். விளக்கத்துக்குக் குறித்த திகதிக்கு 45 நாளுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தலும் கொடுக்க வேண்டும். அவர்கள் பதிவையும் கருவியையும் பார்க்கக் கேட்கலாம். வட்ஸ்அப் வழமையாக வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும், எடுத்த நேர விபரமும் அதில் தங்காது. அதனால் மூல போனை மாற்றாமல், அழிக்காமல் வையுங்கள். எடுத்தவரே சாட்சிக்கும் வந்தால் நல்லது.

அக்கரைப்பற்று
என்ட கடை கமெராவிலும் இப்படி ஒரு சண்டை பதிவாகியிருந்தது. பத்து நாளில் மேலே புதியது பதிந்து அழிந்துவிட்டது. யாரிடம் முறைப்பாடு செய்வது?

மட்டக்களப்பு, சட்டத்தரணி எழுதுவினைஞர்
அது வேறு விஷயம் தம்பி, அழிந்தது அழிந்ததுதான். பொலிஸிடம் அடி வாங்கியவர் என்றால் நாளைத் தவறவிடக் கூடாது. அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அந்த மனு சத்தியக்கடதாசியில் நடப்பது, வீடியோவையும் அதோடு இணைக்கிறார்கள்.

கல்லடி
நாங்கள் 45 நாளையும் தவறவிட்டோம். தவணை கேட்டு, புதிதாக அறிவித்தல் கொடுத்திருக்கிறோம். போனை வாங்கியவரை ஏறாவூரில் கண்டுபிடித்தோம், அவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். கூட்டாளி சாட்சிக்கு வருகிறேன் என்கிறான். அது போதுமா என்று நீதவான் இன்னும் சொல்லவில்லை.

காத்தான்குடி
அந்த இடத்திலேயே போனைப் பறித்தால்?

மட்டக்களப்பு, சட்டத்தரணி எழுதுவினைஞர்
இழுபறிப்படாதீர்கள், அதையே இடையூறு என்பார்கள். ரசீது கேளுங்கள், போனைப் பறித்த பொலிஸ்காரரின் இலக்கத்தைக் குறியுங்கள். கைப்பற்றியதைப் பொலிஸார் நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். திறக்கும் இலக்கத்தைச் சொல்லத்தான் வேண்டுமா என்று எங்கள் ஐயாவிடம் கேட்டேன், அவரும் யோசிக்கிறார்.