பவழமல்லிக் கன்றுக்கு எந்தப் பெயரை முன்னால் போடுவது?

வணக்கம். கடலூரில் நர்சரி நடத்தும் என் தங்கைக்கு இணைய விற்பனைத் தலைப்புகள் எழுதித் தருகிறேன். அவள் வைத்திருந்தது ‘நிக்டாந்தஸ் ஆர்போர்ட்ரிஸ்டிஸ், 8 இன்ச்’. தாவரவியல் படித்தவரைத் தவிர இதை யார் தேடப்போகிறார்கள்? 8 இன்ச் என்பது தொட்டியின் வாய் அகலம். வாங்குகிறவர் செடியின் உயரம் என்று நினைத்துச் சண்டைக்கு வருகிறார்.

இப்படி மாற்றினேன்: ‘பவழமல்லி, பாரிஜாதம் பூச்செடி, 8 இன்ச் தொட்டியில், வெயில் தேவை’. செல்போனில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் பெயர் முன்னால். தாவரவியல் பெயர் விவரத்துக்குள் போய்விட்டது.

நீங்கள் தேடும்போது பவழமல்லி என்று தட்டுவீர்களா, பாரிஜாதம் என்றா? ‘மாடித்தோட்டம்’ என்ற சொல்லையும் சேர்க்கலாமா? இது சிறு மரமாக வளர்வது. தொட்டியில் வைத்தால் அவ்வப்போது கவாத்து செய்தாக வேண்டும். அதனால்தான் தயங்குகிறேன்.