‘நூற்றில் நான்கு பேருக்கு இதய மியூட்டேஷன்’: அந்தச் செய்தி உங்கள் வீட்டுக்கும் வந்ததா?

செல்வி, தேனி

சித்தப்பாவுக்கு இதயச் சுவர் தடித்திருப்பது எக்கோவில் தெரிந்ததும் மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். MYBPC3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, அது ‘விளைவு உறுதியாகாத வேரியன்ட்’ என்று அறிக்கை வந்தது. அதைக் குடும்பக் குழுவில் போட்டதும் அத்தை மகன் ஒரு பழைய செய்தித் துணுக்கை அனுப்பினான். தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேர் இதயத்தைச் செயலிழக்கச் செய்யும் ‘மியூட்டேஷனைச்’ சுமக்கிறார்களாம். இரண்டிலும் இருப்பது அதே மரபணு, அதே 25 எழுத்துகள். செய்தி தீர்ப்பே எழுதிவிட்டது. அறிக்கை கையை விரிக்கிறது. சித்தப்பாவின் மகள்கள் இருவரும் எனக்கு மாறி மாறி போன் செய்துகொண்டிருக்கிறார்கள். இப்படி உங்களுக்கு வந்தபோது என்ன செய்தீர்கள்?

ராஜமாணிக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, பதற வேண்டாம். முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன் சொல்கிறேன். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகக் காணப்படுவது மியூட்டேஷன். அதற்கு மேல் இருந்தால் அது வெறும் வேறுபாடு. நான்கு விழுக்காடு என்றால் கண்ணின் நிறம், இரத்த வகை போலத்தான். அறிக்கையிலும் வேரியன்ட் என்றே இருக்கிறது. எனவே தீங்கில்லாதது.

பரணி

எனக்கும் வேரியன்ட் வந்தது. 2021 மே மாதம், டெல்டா. ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தோம். அதைத் தீங்கில்லாதது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

நிலா, மரபணு ஆய்வகம்

பரணி, நீங்கள் சொல்வது கிருமியின் கதை. அங்கே ஓர் எழுத்து மாறினால் அது மியூட்டேஷன். அப்படிப் பல மாற்றங்களைச் சேர்த்துச் சுமக்கும் கிருமி வகை முழுவதும் வேரியன்ட். 2021 மார்ச்சில் நம் நாட்டில் ‘இரட்டை மியூட்டன்ட்’ என்று பேசப்பட்ட வகையில் பத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. தலைப்பில் ஏறியவை இரண்டு மட்டும். மனித மரபணு அறிக்கையில் வேரியன்ட் என்றால் ஒரேயொரு இடத்து மாற்றம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் எங்கள் ஆய்வகத்துக்கே போன் செய்து, “எனக்கு எந்த அலையில் வந்தது?” என்று கேட்டிருக்கிறார்கள்.

ராஜமாணிக்கம் ஐயா, ஒரு விழுக்காட்டுக் கணக்கு பழைய நூல்களில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேரியன்ட் என்று எழுதியிருப்பதால் தீங்கில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2015-இல் அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் அமைப்பு நெறிமுறை வெளியிட்ட பிறகு, ஐயமின்றி நோய் தரும் மாற்றத்தைக்கூட நாங்கள் வேரியன்ட் என்றே எழுதுகிறோம். சேதி அதன் அடைமொழியில்தான் இருக்கிறது. நோய் தருவது, அநேகமாகத் தருவது, உறுதியாகாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது என ஐந்து படிகள். செல்வி அக்காவின் சித்தப்பாவுக்கு வந்திருப்பது நடுப்படி.

அன்வர், செய்தித்தாள் உதவி ஆசிரியர்

தலைப்பு வைக்கும் ஆளாக ஒன்று சொல்கிறேன். வேரியன்டை ‘மாறுபாடு’ என்று போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மியூட்டேஷன் என்ற பொருளில் ‘பிறழ்வு’ என்றால் படிக்கிறார்கள். அந்தச் செய்தியே என் மேசைக்கு ஒருமுறை வந்தது. நூற்றில் நான்கு பேர் என்றால் நாட்டில் கோடிக்கணக்கானோர். எழுதிய நிருபரிடம், “அவ்வளவு பேரும் இதய நோயாளிகளா?” என்று கேட்டேன். பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு இங்கே யாராவது பதில் சொன்னால் நன்றாயிருக்கும்.

நிலா, மரபணு ஆய்வகம்

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கணக்கைப் போட்டே பார்ப்போம். இதயச் சுவர் தடிக்கும் இந்த நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஒரு லட்சம் பேரை எடுத்தால் நோயாளிகள் 200. அதே ஒரு லட்சத்தில் 25 எழுத்து விடுபட்டவர்கள் 4,000. அந்த 200 நோயாளிகளும் இந்த 4,000 பேருக்குள்ளேயே இருப்பதாக வைத்துக்கொண்டால்கூட, சுமப்பவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் நோய். உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் பல நோயாளிகளிடம் இந்த விடுபடலே இல்லை. ஆகவே ‘இருந்தால் நோய் வரும்’ என்ற பொருளில் இதைப் பிறழ்வு என்று எழுத இடமில்லை.

அதற்காக அந்தச் செய்திக்கு அடிப்படையான 2009-ஆம் ஆண்டு ஆய்வைத் தள்ளிவிட முடியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஐதராபாத்தின் உயிரியல் ஆய்வு நிறுவனமான சி.சி.எம்.பி. ஆகியவற்றின் ஆய்வாளர்கள் பங்கெடுத்து ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வந்தது. நோயில்லாதவர்களைவிட நோயாளிகளிடம் இந்த விடுபடல் பல மடங்கு அதிகம் காணப்பட்டது. அந்த 25 எழுத்துகள் புரதத்துக்கான செய்தியை வெட்டி ஒட்டும் இடத்தில் இருப்பவை. அவை இல்லாதபோது ஒரு துண்டு தவறிப்போய், புரதத்தின் வால்பகுதி மாறிவிடுகிறது என்றும் காட்டினார்கள்.

திருப்பம் 2020-இல் வந்தது. விடுபடல் உள்ள நோயாளிகளை மறுபடி ஆழமாகப் படித்தபோது, அவர்களில் ஒரு பகுதியினரிடம் அதே மரபணுவில், அதே குரோமோசோம் இழையில், c.1224-52G>A என்ற இன்னொரு அரிய மாற்றமும் சேர்ந்திருந்தது. அதைச் சுமந்தவர்களை விலக்கிவிட்டு எண்ணினால், வெறும் 25 எழுத்து விடுபடலுக்கும் நோய்க்கும் இருந்த தொடர்பு கரைந்துபோனது. திருடன் வேறு ஆள். அவனோடு ஒரே பஸ்ஸில் வந்தவரை இத்தனை நாள் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

ராஜமாணிக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

அப்படியானால் நான் சொன்னபடி தீங்கில்லாததுதானே?

நிலா, மரபணு ஆய்வகம்

விடுபடல் தனியாக இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான், ஐயா. ஆனால் சித்தப்பாவுக்குச் சுவர் ஏற்கெனவே தடித்திருக்கிறது. அவரிடம் அந்தத் துணை மாற்றமும் இருக்கிறதா என்பதுதான் இப்போது தெரிய வேண்டும். அதன் பெயரிலுள்ள -52 என்ற எண்ணைப் பாருங்கள். புரதம் எழுதும் பகுதி தொடங்குவதற்கு 52 எழுத்துகள் முன்னால், இடைவெளிப் பகுதிக்குள் அது இருக்கிறது. பல பரிசோதனைகள் அந்த விளிம்பிலிருந்து பத்து, இருபது எழுத்துகளோடு படிப்பதை நிறுத்திவிடும். படிக்காத இடத்தில் இருப்பது அறிக்கையில் வராது; வீட்டில் உள்ளவர்களோ ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள்.

அக்கா, ஆய்வகத்துக்கு எழுதி, “c.1224-52 இடம் போதிய ஆழத்தில் படிக்கப்பட்டதா?” என்று மட்டும் கேளுங்கள். படித்தோம் அல்லது படிக்கவில்லை என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்.

செல்வி, தேனி

கேட்டுவிட்டேன். படிக்கவில்லையாம். அந்த ஓர் இடத்தை மட்டும் தனியாகப் படித்துத் தரலாம், இரத்தம் மறுபடி எடுக்கத் தேவையில்லை, சேமித்து வைத்த மாதிரியே போதும் என்று பதில் வந்திருக்கிறது. மகள்களுக்கு இப்போதே மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று பெரியவள் கேட்கிறாள்.

நிலா, மரபணு ஆய்வகம்

அப்பாவின் முடிவு வரட்டும். உறுதியாகாத ஒன்றைப் பிள்ளைகளிடம் தேடினால், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றும் சொல்ல முடியாது. இருவரும் எக்கோவும் இ.சி.ஜி.யும் எடுப்பதற்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். அது அப்பாவின் நோயைப் பார்த்துச் செய்வது, அவருடைய மரபணுவைப் பார்த்து அல்ல.

அன்வர், செய்தித்தாள் உதவி ஆசிரியர்

நிலா, 2020 முடிவு எந்தத் தமிழ் நாளிதழிலும் வந்து நான் பார்க்கவில்லை. ‘இது காரணமில்லை’ என்பதற்குத் தலைப்பு வைப்பது கடினம். இன்னொரு சந்தேகம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த 25 எழுத்து விடுபடல் வந்து சேர்ந்தவர்களுக்கு என்ன ஆகும்? நூற்றுக்கு நான்கு என்றால், சொந்தத்தில் திருமணம் செய்யும் ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் கணிசமாக இருப்பார்களே?

நிலா, மரபணு ஆய்வகம்

இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களைப் பற்றிய தரவு மெலிந்தது. சில குடும்பங்களை வைத்து எழுதியவைதான் அதிகம். முதுமையில் இதயம் பலவீனமாவதில் இந்த விடுபடலுக்குச் சிறு பங்கு உண்டா என்பதிலும் ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. இரண்டு பிரதியும் உள்ளவர் என்னிடம் வந்தால் எக்கோவுக்கு அனுப்புவேன். அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பரணி

டெல்டாவில் என் நுரையீரல் கெட்டதற்கும் இந்த மரபணுவுக்கும் தொடர்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

நிலா, மரபணு ஆய்வகம்

எடுத்துக்கொள்ளுங்கள். MYBPC3 இதயத் தசையின் மரபணு. மூச்சு இன்னும் வாங்கினால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.