புதுப்பிப்பு: கெசட்டில் பெயர் வந்துவிட்டது, ஆதாரும் மாறிவிட்டது

என் பழைய கேள்வி: "பள்ளிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் மீனாள். மீனாட்சி என்று மாற்ற நோட்டரி அஃபிடவிட் போதுமா? காரைக்குடி."

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தேவகோட்டை அண்ணன் சொன்னதுதான் நடந்தது. அஃபிடவிட்டை மட்டும் வைத்து ஆதாரில் முழுப் பெயரை மாற்ற முடியவில்லை, கெசட் கேட்டார்கள். அஃபிடவிட் போதும் என்ற தம்பி சொன்னது பாதி சரி, கெசட் விண்ணப்பத்தோடு அதையும் இணைத்தேன். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை என்று கேட்ட அக்கா, அது வேறு வழி. பதிவு செய்த அலுவலகத்திலேயே கேளுங்கள்.

விண்ணப்பம் சென்னை எழுதுபொருள் அச்சுத்துறைக்குப் போனது. அறிவிப்பு தமிழ்நாடு அரசிதழில் பகுதி 6, பிரிவு 4இல் வந்தது. அனுப்பும் முன் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பழைய பெயர் பழைய அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று காட்ட முடியாது. நம் பக்கம் இரண்டு மூன்று இனிஷியல் வேறு இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் முதலில் ஆதார், பிறகு பான், அந்த இரண்டையும் காட்டி வங்கி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், அதனால் அவசரப்படாதீர்கள்.

எதிர்பாராதது: பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றித் தரவில்லை. கெசட் நகலைச் சேர்த்தே காட்ட வேண்டியிருக்கிறது. பங்கு வீட்டுப் பத்திரத்தில் பழைய பெயர்தான் இருக்கிறது. விற்கும்போது கெசட் இணைத்தால் போதும் என்கிறார் பத்திர எழுத்தர். வக்கீல் வேறு மாதிரி சொல்கிறார். அது இன்னும் முடியவில்லை.