பக்க மிகை, எதிரிலி, தடையிலி: சதுரங்கச் சொற்கள் மூன்று

காட்பாடியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். அவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். ராஜா, யானை, குதிரை, சிப்பாய் எல்லாம் வந்துவிட்டன. இறுதிக்கட்டத்துக்கு வந்ததும் மூன்று சொற்கள் தட்டுப்படவில்லை.

நிலை இதுதான். ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு a2, b2, c2 என மூன்று சிப்பாய்கள். கறுப்புக்கு a7, b7 என இரண்டு. ராஜா பக்கத்தில் இருவருக்கும் சமம். இரண்டு ராஜாக்களும் அந்தக் கோடியில் நிற்கிறார்கள். ஒரு பக்கத்தில் இப்படிக் கூடுதலாக இருப்பதற்கு ஒரு சொல் வேண்டும். அந்தக் கூடுதலிலிருந்து கடைசியில் யாரும் தடுக்க முடியாமல் ஓடும் சிப்பாய்க்கு இன்னொன்று. அப்படி ஓடக்கூடியது எது என்று ஆரம்பத்திலேயே அடையாளம் காட்ட மூன்றாவது சொல்.

முதலாவதைப் 'பெரும்பான்மை' என்றும் மூன்றாவதை 'வேட்பாளர்' என்றும் எழுதிப் பார்த்தேன். தேர்தல் செய்தி போல இருக்கிறது. இரண்டாவதைக் 'கடந்த சிப்பாய்' என்றேன். "எதைக் கடந்தது சார்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி, அது இன்னும் எதையும் கடக்கவில்லையே.

ராணிப்பேட்டையிலிருந்து

வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சதுரங்கம் ஓரளவே ஆடுவேன். பெரும்பான்மைக்குப் பதில் 'மிகை' போதும், 'பக்க மிகை' என்றால் இடமும் தெரியும். ஓடும் சிப்பாயை 'தடையிலி' எனலாம். மூன்றாவதற்கு 'முன்னோடி' பொருந்தும். மூன்றில் எது அதிகம் முன்னேறி நிற்கிறதோ அதுதானே ஓடப் போவது?

ஆம்பூரிலிருந்து

அண்ணே, எண்ணிக்கை கூடுதல் இருந்தால்தான் தடையிலி கிடைக்கும் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு மூன்றுக்கு மூன்றிலேயே கிடைத்தது. என் சிப்பாய்கள் a5, b5, c5. எதிராளிக்கு a7, b7, c7. b6 தள்ளினேன். அவர் c சிப்பாயால் வெட்டினார். அடுத்து a6. அதையும் வெட்டினார். c6 போனேன், அப்புறம் அதைப் பிடிக்க ஆளில்லை. ஒரு புள்ளி. இதற்கு என்ன சொல் வைப்பீர்கள்?

குடியாத்தத்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். ஆம்பூர்த் தம்பி சொல்வது சரியான ஆட்டம்தான். எதிராளி a சிப்பாயால் வெட்டியிருந்தாலும் c6, பிறகு a6 என்று அதே கதை. ஆனால் கேட்டது அதுவல்ல. அங்கே இரண்டு சிப்பாய்களைப் பலி கொடுத்து உடைக்கிறோம். முறை கறுப்புடையது என்றால் அவர் b6 தள்ளினாலே அந்த வழி அடைபட்டுவிடும். அதை 'உடைப்பு' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். நம்மூரில் ஏரிக்கரை உடைவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். மிகை என்பது வேறு. அங்கே யாரையும் பலி கொடுக்காமல், ஒன்றுக்கு ஒன்று மாற்றி, மிச்சமிருப்பதை ஓட விடுகிறோம்.

ஐயாவின் 'மிகை', 'தடையிலி' இரண்டும் எனக்குப் பிடித்திருக்கின்றன. 'முன்னோடி'தான் பிள்ளைகளைத் தப்பான வழியில் கொண்டுபோகும். எவ்வளவு முன்னேறியது என்பது கணக்கே இல்லை. தன் வரிசையில் எதிரே எதிரிச் சிப்பாய் இல்லாததைத்தான் தேட வேண்டும். காட்பாடி சார் தந்த நிலையில் a2-க்கு எதிரே a7, b2-க்கு எதிரே b7. c2-க்கு எதிரே யாருமில்லை. அதை முதலில் நகர்த்த வேண்டும், மற்ற இரண்டும் துணைக்கு வரும். c4, b4, a4 என்று வந்து, b5, c5, பிறகு c6. கறுப்பு b சிப்பாயால் வெட்டினால் நம் b சிப்பாய் திரும்ப வெட்டும். இப்போது c6-இல் நிற்பது தடையிலி.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். வேலூரில் நடந்த ஒரு போட்டியில் என் மகளுக்கு இதே நிலை. முதலில் b4 தள்ளினாள். எதிராளி உடனே b5. அந்த ஒரு சிப்பாய் b4-ஐயும் நிறுத்திவிட்டது, c4 கட்டத்தையும் காக்கிறது. அவள் a4 ஆட, அவர் a6 என்று தாங்கினார். a சிப்பாய்கள் வெட்டிக்கொண்டன. இப்போது இவளுக்கு b4, c2. அவருக்கு b5 மட்டும். ஒன்று இரண்டைக் கட்டிப்போட்டிருக்கிறது. பொறுமையாக ராஜாவை நடத்தி c4-க்குத் துணை நிறுத்தியிருக்கலாம். அவசரப்பட்டு c4 தள்ளினாள். அவர் வெட்டினார். பிறகு ஓட்டப்பந்தயம்: b5, c3; b6, c2; b7, c1-இல் கறுப்பு ராணி. அடுத்த நகர்த்தலில் இவளுக்கும் ராணி வந்தது. ஆனால் கையிலிருந்த ஒரு சிப்பாய் மிகை காணாமல் போய், ஆட்டம் சமனில் முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கேட்டது, "c முதலிலா, b முதலிலா, அதை எப்படிம்மா ஞாபகம் வைப்பது?" அதனால்தான் இந்த மூன்றாவது சொல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயரே விதியைச் சொல்ல வேண்டும். 'எதிரிலி' என்று வைக்கலாமா? எதிரே ஆள் இல்லாதது. 'எதிரிலி முதலில்' என்று சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து

அம்மா, என் தவறு புரிந்தது, 'முன்னோடி'யை விட்டுவிடுகிறேன். 'எதிரிலி' கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அது பழைய சொல். படைவீட்டை ஆண்ட சம்புவராயர் மரபில் எதிரிலிச் சோழச் சம்புவராயன் என்று ஒருவர் உண்டு. அங்கே பொருள் 'நிகரான பகைவன் இல்லாதவன்'. பிள்ளைகள் வெல்ல முடியாத சிப்பாய் என்று நினைத்துவிட்டால்? உங்கள் எதிரிலிக்குப் பக்கத்து வரிசையில் b7 காவல் இருக்கிறதே.

குடியாத்தத்திலிருந்து

அந்தக் கவலை சரிதான் ஐயா. ஆனால் அந்த வேறுபாட்டைத்தான் இரண்டு சொற்களும் சேர்ந்து காட்டுகின்றன. தன் வரிசையில் மட்டும் ஆள் இல்லை என்றால் எதிரிலி. பக்கத்து வரிசைகளிலும் தடுக்கும் சிப்பாய் இல்லை என்றால் தடையிலி. எதிரிலியைத் தடையிலி ஆக்குவதுதான் வேலை.

காட்பாடி சார், ஒரு எச்சரிக்கையையும் கையேட்டில் சேருங்கள். கறுப்பு ராஜா தூரத்தில் இருக்கும்வரைதான் இந்த வரிசை தானாக ஓடும். வெள்ளை a4, b4, c5 என்று நிற்க, கறுப்பு ராஜா d5-க்கு வந்துவிட்டால், b5 தள்ளியவுடன் c5 காவலின்றி விழும். அப்போது சிப்பாய்களை அப்படியே நிறுத்திவிட்டு நம் ராஜாவை வரவழைக்க வேண்டும்.

காட்பாடியிலிருந்து

மிக்க நன்றி மேடம். 'பக்க மிகை', 'எதிரிலி', 'தடையிலி', 'உடைப்பு' நான்கையும் இந்த ஞாயிறு வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன். ஐயாவின் சந்தேகத்துக்காக, எதிரிலி என்ற சொல் வரும் இடத்திலேயே b7-இன் காவலைப் படமாகப் போட்டுவிடுகிறேன்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. ஸ்பானியத் தொடக்கத்தில் வெள்ளை c6-இல் குதிரையை வெட்டி, கறுப்பு d சிப்பாயால் திரும்ப வெட்டும் வகை. 1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லாஸ்கர் கபபிளாங்காவை வென்றது இந்த வகையில்தான். d4-இல் சிப்பாய்கள் மாறியபின் கறுப்புக்கு ராணிப் பக்கத்தில் நான்குக்கு மூன்று. எண்ணினால் மிகை. ஆனால் c வரிசையில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால், வெள்ளை சரியாக ஆடினால் தடையிலி பிறப்பதில்லை. இதையும் 'மிகை' என்றே எழுதுவதா? 'செல்லா மிகை' என்று குறித்து வைத்திருக்கிறேன், செல்லாக் காசு போல.

ஆம்பூரிலிருந்து

'செல்லா' வேண்டாம் அண்ணே. அந்த நான்கும் தடுப்பதற்கு நன்றாகவே உதவும், நான் கறுப்பில் அதைத்தான் ஆடுகிறேன். 'முடங்கிய மிகை' என்று போடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து

'முடங்கிய' என்றால் நகரவே முடியாது என்று ஆகிவிடும். அவை நகரும், ஈனுவதில்லை, அவ்வளவுதான். 'ஈனா மிகை'? யோசித்துச் சொல்கிறேன்.