வைஃபை மந்தம்: ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

பீளமேடு வாசி

அடுக்குமாடியில் இரண்டாவது மாடி எங்கள் வீடு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் ஹாலில், என் மேசை கடைசி அறையில், நடுவில் இரண்டு சுவர். பகலில் பரவாயில்லை, இரவு எட்டு மணிக்கு மேல் வீடியோ காலில் முகம் அப்படியே உறைந்து நிற்கும். மச்சான் வந்து சேனல், டிஎன்எஸ், பாஸ்வேர்டு வகை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் நன்றாக ஓடியது. அதற்கடுத்த நாள் பழைய கதை. எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

எதையும் தொடுவதற்கு முன்பே அளந்தேன். லேப்டாப்பைக் கேபிளால் ரவுட்டரோடு இணைத்தால் 94. ஆக, லைனில் குறையில்லை. அதே இரவு, அதே லேப்டாப், மேசையில் வைஃபையில் மூன்று முறை பார்த்தால் 15, 21, 18. சும்மா இருக்கும்போதே இவ்வளவு ஆடுகிறது என்பதால், இரண்டு மூன்று எம்பி கூடினால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வேகத்தோடு இதையும் ஓட்டிப் பார்த்தேன்:

```
ping -n 50 192.168.1.1
```

அது ரவுட்டர் வரைதான் போய் வருகிறது. அதற்கே 3 மில்லிசெகண்டிலிருந்து 180 வரை தாவியது.

முதல் மாற்றம் சேனல். Auto என்று இருந்தது, 6-இல் நின்றிருந்தது. 11 ஆக்கினேன்: 20 எம்பி. வித்தியாசம் என்று சொல்ல முடியாது, திரும்பப் பழையபடி வைத்துவிட்டேன். அடுத்து Channel Width. 40-ஐ 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கியதும் 31, பிங்கும் 15-க்குள் அடங்கியது. தற்செயலோ என்று மறுபடி 40 வைத்தேன்: 17. திரும்ப 20: 30. அகலத்தைக் குறைத்தால் வேகம் கூடுகிறது! காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலூர் தம்பி

இவ்வளவு சுற்ற வேண்டியதே இல்லை அண்ணா. டிஎன்எஸ்-ஐ 8.8.8.8 என்று மாற்றுங்கள், பறக்கும். எங்கள் வீட்டில் அதைச் செய்ததும் எல்லாப் பக்கமும் டக்கென்று திறந்தது.

திருநெல்வேலி அக்கா

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். மழை பெய்தாலே நெட் போய்விடுகிறது. பெட்டியில் LOS என்ற விளக்கு சிவப்பாக மின்னுகிறது. எந்த செட்டிங்கை மாற்றினால் சரியாகும்?

நெட்வொர்க் வேலையில் இருப்பவன்

அக்கா, உங்களுடையது வேறு. LOS சிவப்பாக எரிந்தால் பெட்டிக்கு ஃபைபரிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். நீங்கள் மாற்ற வேண்டிய செட்டிங் எதுவும் இல்லை. வெளியே ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கும், அல்லது இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி ஏதோ தளர்ந்திருக்கும். லைன் பார்ப்பவரைத்தான் கூப்பிட வேண்டும். விளக்கு எரியும்போதே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், மழை விட்ட பிறகு வந்து எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்பார்கள்.

தம்பி சொன்னதில் பாதி சரி. டிஎன்எஸ் மந்தமாக இருந்தால் பக்கம் திறக்கத் தொடங்கவே நேரமாகும், அதை மாற்றினால் சுறுசுறுப்பு தெரியும். ஆனால் பீளமேட்டுக்காரருக்கு ரவுட்டருக்குப் போய் வரும் பிங்கே தாவுகிறது. அந்தப் பாதையில் டிஎன்எஸ் வருவதே இல்லை.

இனி அகலம். 2.4 கிகாஹெர்ட்ஸில் மொத்த இடமே 80 மெகாஹெர்ட்ஸ் சொச்சம்தான். 40 என்று வைத்தால் அதில் பாதியை உங்கள் ரவுட்டர் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பாதிக்குள் யார் பேசினாலும் அது காத்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் டிவி வைஃபையில் ஓடும். அகலமாக விரித்தால் எல்லோரோடும் மோத வேண்டியிருக்கிறது. குறுக்கினால் மோதல் குறைகிறது. ஆள் நடமாட்டமில்லாத தனி வீட்டில் இதையே செய்தால் வேகம் குறையவும் செய்யும்.

நீங்கள் மாற்றிவிட்டுத் திரும்ப வைத்துப் பார்த்ததுதான் எனக்குப் பிடித்தது. பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் Auto-வில் இருக்கும், அவை தாமாகச் சேனல் தாவும். நீங்கள் 20 வைத்த நேரத்தில் அவர் நகர்ந்திருந்தால் பெயர் உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஆனால் ஒன்று. சேனல் சோதனையை 40-இல் இருந்தபோது செய்தீர்கள். அப்போது எந்தச் சேனல் வைத்தாலும் கூட்டத்தின் மேலேதான் விழுந்திருக்கும், அதனால் வித்தியாசம் தெரியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றும் முறையில் இந்தப் பள்ளம் உண்டு: ஒரு செட்டிங்கின் பலன் இன்னொன்றைப் பொறுத்தது என்றால், முதலில் கழித்துவிட்டதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். 20-ஐ அப்படியே வைத்துவிட்டு 1, 6, 11 மூன்றையும் மட்டும் பாருங்கள். நடுவில் 3, 4, 8 என்று வைக்காதீர்கள், அவை இரண்டு பக்கத்தோடும் உரசும்.

பீளமேடு வாசி

பார்த்துவிட்டேன் சார். அதே நேரம், 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் 1-இல் 29, 6-இல் 24, 11-இல் 38. மறுநாள் இரவும் 11-இல் 37. முதலில் உதவாது என்று ஒதுக்கிய அதே 11!

வேலூர் தம்பி

5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விட்டால் இந்தக் கூட்டமே இல்லையே?

பீளமேடு வாசி

ஹாலில் அருமையாக இருக்கிறது தம்பி, 90-ஐத் தொடுகிறது. என் அறையில் கதவைச் சாத்தினால் ஒரு கோடுதான், அறுந்து அறுந்து வருகிறது. ரவுட்டரை நகர்த்திப் பார்க்கலாம், ஆனால் ஃபைபர் வந்து இறங்கும் இடம் அதுதான்.

நெட்வொர்க் வேலையில் இருப்பவன்

5-ஐச் சோதிக்கும்போது Smart Connect-ஐ அணைத்து, இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிடுங்கள். ஒரே பெயர் என்றால் லேப்டாப் தன் இஷ்டத்துக்கு 2.4-க்கு இறங்கிவிடும்; நீங்கள் 5 என்று நோட்டில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். விண்டோஸ் என்றால் ஒவ்வொரு அளவுக்கு முன்பும் இதை அடித்து Channel வரியைப் பாருங்கள்:

```
netsh wlan show interfaces
```

மீனம்பாக்கம் பக்கத்திலிருந்து

நான் 5-இல்தான் இருக்கிறேன். வேகம் பிரச்சினை இல்லை, ஆனால் சில நேரம் அந்தப் பெயரே காணாமல் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வருகிறது. அடாப்டரை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. போன முறை மறைந்தபோது சேனல் 100-இல் இருந்தது, திரும்பி வந்தபோது 36.

நெட்வொர்க் வேலையில் இருப்பவன்

52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார்களும் உண்டு. ரேடார் சத்தம் கேட்டதாக ரவுட்டர் நினைத்தாலே அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும், அப்படித்தான் விதி. அந்த வரிசையில் புதிதாக ஒரு சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் சும்மா காது கொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும். சேனலை மட்டும் 44-இல் கட்டிப் போடுங்கள், மற்றது எதையும் தொடாதீர்கள். ஆனால் எப்போதாவது வரும் கோளாறு என்பதால் ஒரு இரவு பார்த்துவிட்டு முடிவு சொல்ல முடியாது.

மீனம்பாக்கம் பக்கத்திலிருந்து

44 வைத்தேன். இந்த வாரம் மறையவில்லை. ஆனால் இதற்கு முன்பும் சில வாரங்கள் மறையாமல் இருந்ததுண்டு. திரும்ப Auto வைத்தால் மறைகிறதா என்று பார்க்க வேண்டும். பையனுக்கு ஆன்லைன் தேர்வு நடக்கிறது, அது முடியட்டும். விமான நிலைய ரேடாரா, இல்லை ரவுட்டருக்கே பிரமையா?

நெட்வொர்க் வேலையில் இருப்பவன்

இரண்டும் நடக்கும். ரவுட்டரில் System Log என்று ஒரு பக்கம் இருந்தால், அது மறைந்த நேரத்துக்கு நேரே radar அல்லது DFS என்ற சொல் வருகிறதா பாருங்கள். அது இருந்தாலும் உண்மையான ரேடாரா என்று அந்த வரி சொல்லாது.